ட்ரா நோ பெட், டபுள் சான்ஸ், 1X2: ஒரு விலையிலிருந்து மற்றதைக் கணக்கிடுவது எப்படி

2022 டிசம்பர் 18, லுசைல் மைதானம். உலகக் கோப்பை இறுதிப் போட்டியின் 90 நிமிடம் முடிந்தபோது அர்ஜென்டினா 2, பிரான்ஸ் 2. கூடுதல் நேரத்தில் 3-3 ஆகி, பெனால்டியில் 4-2 என்று அர்ஜென்டினா கோப்பையைத் தூக்கியது. ஆனால் பந்தயம் ஏற்கும் புக்மேக்கரின் கணக்கில் அந்த ஆட்டம் ட்ரா. இந்த அணி, அந்த அணி, ட்ரா என்ற மூன்றில் ஒன்றைச் சொல்லிக் கட்டும் 1X2-ல் "அர்ஜென்டினா வெற்றி" என்று கட்டியவருக்குப் பணம் போச்சு. "அர்ஜென்டினா, ட்ரா நோ பெட்" என்று கட்டியவருக்குக் கட்டிய பணம் அப்படியே திரும்பி வந்தது. டபுள் சான்ஸில் "அர்ஜென்டினா அல்லது ட்ரா" என்று கட்டியவரும் ஜெயித்தார், "பிரான்ஸ் அல்லது ட்ரா" என்று கட்டியவரும் ஜெயித்தார். "ஏதாவது ஓர் அணி ஜெயிக்கும்" என்று கட்டியவர் மட்டும், கோப்பையை ஓர் அணி ஜெயித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டும், தோற்றார்.

இந்த மூன்று வகைப் பந்தயமும் 90 நிமிடத்தையும் அதோடு சேரும் இழப்பு நேரத்தையும் மட்டுமே கணக்கில் எடுப்பவை. யார் கோப்பையை வெல்வார், யார் அடுத்த சுற்றுக்குப் போவார் என்பது தனிச் சந்தை. அங்கே ட்ராவே கிடையாது. நாக்-அவுட் ஆட்டங்களில் ட்ரா நோ பெட்டின் விலையை "அடுத்த சுற்றுக்குத் தகுதி" விலையோடு குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். இரண்டிலும் இரண்டே பெயர்கள் இருப்பதால் வரும் குழப்பம் அது.

இனி விலைகளுக்கு வருவோம். கணக்கெல்லாம் பவுண்டில் இருக்கும். சட்டப்படி இந்த விலைகள் அன்றாடம் புழங்கும் இடம் பிரிட்டன் என்பதால்தான் அப்படி. இந்தியாவில் 2025-ல் வந்த ஆன்லைன் கேமிங் சட்டம் இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்கிறது. எனவே இங்கிருப்பவர்களுக்கு இந்தக் கணக்கின் பயன், விலையைப் பார்த்து சந்தை என்ன நினைக்கிறது என்று படிப்பதோடு நிற்கும்.

மூன்று எண்களும் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் மார்ஜினும்

1X2 என்ற குறியீடு பழைய ஐரோப்பியக் கால்பந்துச் சீட்டுகளிலிருந்து வந்தது. இத்தாலியில் 1946-ல் தொடங்கிய டோட்டோகால்சோ சீட்டில் இதே 1, X, 2 தான். 1 என்றால் சொந்த மைதான அணி, X என்றால் ட்ரா, 2 என்றால் வெளியூர் அணி. ஒரு கற்பனை ஆட்டத்துக்கு இப்படி விலை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்:

```
1 (H) = 2.10    X (D) = 3.40    2 (A) = 3.60
```

இவை தசம விலைகள். 1 பவுண்டு கட்டி ஜெயித்தால் கட்டிய பணத்தையும் சேர்த்து கைக்கு வருவது 2.10. உங்கள் திரையில் 11/10 என்று பின்னமாக இருந்தால் வகுத்து 1 கூட்டிக்கொள்ளுங்கள், அதுவும் 2.10 தான். அமெரிக்க முறையில் +110 என்று இருந்தாலும் அதேதான். எந்த மாற்றக் கணக்கையும் தசமத்துக்குக் கொண்டுவந்த பிறகே தொடங்க வேண்டும். பின்னத்தை அப்படியே கீழே உள்ள சூத்திரங்களில் போட்டால் விடை தவறும், அதுவும் தவறு என்று சட்டென்று தெரியாத அளவுக்குத் தவறும்.

1-ஐ விலையால் வகுத்தால் அந்த விலை சொல்லும் வாய்ப்பு கிடைக்கும். 2.10-க்கு 47.62%, 3.40-க்கு 29.41%, 3.60-க்கு 27.78%. கூட்டினால் 104.81%. மூன்றில் ஒன்று கட்டாயம் நடக்கும் என்பதால் நியாயமாக 100% தான் வர வேண்டும். மேலே நிற்கும் 4.81% புக்மேக்கரின் மார்ஜின். ஒவ்வொன்றையும் 1.0481-ஆல் வகுத்துவிட்டால் மார்ஜின் நீங்கிய வாய்ப்புகள் கிடைக்கும்: 45.43%, 28.06%, 26.50%. இந்த மூன்று எண்களை ஒரு தாளில் எழுதி வையுங்கள், கடைசி வரை தேவைப்படும்.

இப்படி எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் வகுப்பது எளிய வழி. ஆனால் புக்மேக்கர்கள் மார்ஜினைச் சரிசமமாகப் பூசுவதில்லை. வாய்ப்புக் குறைந்த அணியின் விலையில் விகிதப்படி அதிகமாக ஏற்றுவது வழக்கம். 1.20-க்கும் 15.00-க்கும் நடக்கும் ஆட்டத்தில் இந்த வேறுபாடு பெரிது. நம் எடுத்துக்காட்டு போல ஓரளவு சமமான ஆட்டத்தில் சிறிது, விட்டுவிடலாம்.

ட்ரா மேல் எவ்வளவு போடுகிறோம் என்பதுதான் விஷயம்

ட்ரா நோ பெட்டும் டபுள் சான்ஸும் தனித்தனிப் பந்தயங்கள் போலத் திரையில் நிற்கின்றன. உண்மையில் இரண்டும் 1X2-ன் விலைகளைக் கொண்டு நாமே கட்டிக்கொள்ளக்கூடியவை. 100 பவுண்டு இருக்கிறது, சொந்த மைதான அணி மேல் நம்பிக்கை. அந்த 100-ல் எவ்வளவைப் பிரித்து ட்ரா மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்து பந்தயத்தின் பெயர் மாறுகிறது.

ட்ரா மேல் ஒன்றும் போடவில்லை என்றால் அது வெறும் 1. ஜெயித்தால் 210, மற்றபடி பூஜ்யம்.

ட்ரா ஆனால் போட்ட 100-ம் திரும்ப வர வேண்டும் என்றால் 100 ÷ 3.40 = 29.41 பவுண்டை ட்ரா மேல் வைக்க வேண்டும். மீதி 70.59 அணி மேல். அணி ஜெயித்தால் 70.59 × 2.10 = 148.24. ட்ரா ஆனால் 29.41 × 3.40 = 100. தோற்றால் எல்லாம் போச்சு. இதுதான் ட்ரா நோ பெட், விலை 1.482.

இன்னும் கொஞ்சம் ட்ரா பக்கம் நகர்த்தி, அணி ஜெயித்தாலும் ட்ரா ஆனாலும் ஒரே தொகை வரும்படி செய்தால் டபுள் சான்ஸ் 1X, அதாவது "1 அல்லது X". ட்ரா மேல் 38.18, அணி மேல் 61.82. ட்ரா ஆனால் 129.81, அணி ஜெயித்தால் 129.82. விலை 1.298.

சூத்திரமாக எழுதினால்:

```
DNB(1) = H × (1 − 1/D)
DNB(2) = A × (1 − 1/D)
1X = 1 / (1/H + 1/D)
X2 = 1 / (1/D + 1/A)
12 = 1 / (1/H + 1/A)
```

நம் ஆட்டத்துக்கு வெளியூர் அணியின் ட்ரா நோ பெட் 3.60 × 0.7059 = 2.541. X2 விலை 1.749, 12 விலை 1.326.

இங்கே அதிகம் நடக்கும் தவறு ஒன்று உண்டு. ஒருவர் ஏற்கெனவே 100 பவுண்டை அணி மேல் கட்டிவிட்டார். பிறகு ட்ராவுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்று 100 ÷ 3.40 = 29.41-ஐ ட்ரா மேல் வைக்கிறார். ட்ரா ஆனால் 100 வருகிறது. ஆனால் அவர் செலவழித்தது 129.41. அந்த 29.41 கையை விட்டுப் போய்விட்டது. மேலே சொன்ன 29.41 என்பது மொத்தத் தொகை 100 ஆக இருக்கும்போதான கணக்கு. அணி மேல் வைத்த தொகையே 100 என்றால் ட்ரா மேல் வைக்க வேண்டியது 100 ÷ (3.40 − 1) = 41.67. அப்போது மொத்தம் 141.67 செலவு, ட்ரா ஆனால் 41.67 × 3.40 = 141.67 திரும்ப வரும். அணி ஜெயித்தால் 210. 210-ஐ 141.67-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 1.482 தான் வரும். விடை சரியா என்று பார்க்க இந்தச் சோதனை போதும்.

இன்னொரு தவறு, 2.10-க்கும் 1.00-க்கும் சராசரி எடுத்து 1.55 என்று மதிப்பிடுவது. விலைகளைக் கூட்டவும் கூடாது, சராசரி எடுக்கவும் கூடாது. கூட்டக்கூடியவை வாய்ப்புகள் மட்டுமே.

"பத்திரமான" பந்தயம் மலிவானதா?

ட்ரா நோ பெட்டும் டபுள் சான்ஸும் ஆபத்தைக் குறைக்கின்றன என்பது உண்மை. அதனால் அவை லாபகரமானவை என்று நினைப்பதுதான் சறுக்கல். மார்ஜின் நீங்கிய வாய்ப்புகளை வைத்து மூன்றையும் போட்டுப் பார்ப்போம்.

வெறும் 1: 45.43% × 210 = 95.41. ட்ரா நோ பெட்: 45.43% × 148.24 + 28.06% × 100 = 95.41. டபுள் சான்ஸ்: 73.50% × 129.82 = 95.41. மூன்றிலும் 100 கட்டினால் சராசரியாகத் திரும்புவது அதே 95.41. ஒரே மூன்று விலைகளிலிருந்து கட்டியவை என்பதால் வேறெப்படியும் வர வழியில்லை. ஏற்ற இறக்கம் குறைகிறது, நஷ்டத்தின் சராசரி குறைவதில்லை.

இதைப் புரிந்துகொண்டால் வேறொரு புதிரும் விடுபடும். நாம் கணக்கிட்ட ட்ரா நோ பெட் விலைகள் 1.482, 2.541. இவற்றின் வாய்ப்புகளைக் கூட்டினால் 67.46 + 39.35 = 106.81%. 1X2-ல் 4.81% ஆக இருந்த மார்ஜின் இங்கே 6.81% ஆகிவிட்டதே, புக்மேக்கர் கூடுதலாகச் சுருட்டுகிறாரா? இல்லை. ட்ரா ஆனால் பணம் திரும்பிவிடும் என்பதால் 100 பவுண்டில் சராசரியாக 71.94 பவுண்டுதான் உண்மையில் ஆட்டத்தில் இருக்கிறது. அதே 4.59 பவுண்டு நஷ்டம் அந்தச் சிறிய தொகையின் மேல் விழுவதால் சதவீதம் பெரிதாகத் தெரிகிறது. ஆகவே ட்ரா நோ பெட்டின் கூட்டல் 106% என்பதையும் 1X2-ன் கூட்டல் 105% என்பதையும் பக்கத்தில் வைத்து, இரண்டாவது மலிவு என்று முடிவு கட்டக் கூடாது. இரண்டில் 106% தான் மலிவாக இருக்கவும் கூடும், நம் எடுத்துக்காட்டில் 106.81-க்குக் கீழே எதுவானாலும் மலிவுதான்.

டபுள் சான்ஸில் இதைவிட வினோதமான எண் வரும். மூன்று டபுள் சான்ஸ் விலைகளின் வாய்ப்புகளைக் கூட்டினால் 209.62%. ஒவ்வொரு முடிவும் இரண்டு பந்தயங்களில் இடம்பெறுவதால் நியாயமான கூட்டல் இங்கே 200%. இரண்டால் வகுத்தால் 104.81% வந்துவிடும்.

திரையில் இருக்கும் விலையா, நாமே கட்டிய விலையா?

மாற்றக் கணக்கின் நடைமுறைப் பயன் இங்கேதான். புக்மேக்கர் ட்ரா நோ பெட்டுக்கும் டபுள் சான்ஸுக்கும் தனியாக விலை போட்டிருப்பார். அது நாம் 1X2-லிருந்து கட்டிய விலையைவிடக் கூடுதலா குறைவா என்று பார்ப்பதே முதல் வேலை.

டபுள் சான்ஸில் பல நேரம் குறைவாக இருக்கும். நம் ஆட்டத்துக்கு 1X 1.28, 12 1.30, X2 1.72 என்று போட்டிருக்கிறார்கள் என்று வையுங்கள். பார்வைக்கு 1.298-க்கும் 1.28-க்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். இந்த மூன்று விலைகளுக்குள் ஒளிந்திருக்கும் 1X2-ஐ வெளியே எடுத்துப் பார்த்தால் தெரியும்:

```
a = 1/1X    b = 1/12    c = 1/X2
1/H = (a + b − c) / 2
1/D = (a + c − b) / 2
1/A = (b + c − a) / 2
```

a = 0.7813, b = 0.7692, c = 0.5814. போட்டால் H 2.064, D 3.370, A 3.513. கூட்டல் 106.59%. 2.10, 3.40, 3.60 பக்கத்துப் பெட்டியிலேயே இருக்கும்போது அதே ஆளிடம் 2.06, 3.37, 3.51-க்கு வாங்குகிறோம் என்று பொருள். வசதிக்குக் கொடுக்கும் கட்டணம் என்றுதான் சொல்ல வேண்டும்.

இந்தத் தலைகீழ்க் கணக்கை வலுவான அணிகளின் ஆட்டத்தில் நம்ப முடியாது. விலைகள் இரண்டு தசமத்தோடு நிற்பதே காரணம். 1X விலை 1.03 என்றால் 97.09%, 1.04 என்றால் 96.15%. விலை 0.01 நகர்ந்தாலே வாய்ப்பு 0.93 சதவீதப் புள்ளி மாறுகிறது. அதில் பாதி வெளியூர் அணியின் கணக்கில் போய் விழும். அந்த அணியின் உண்மையான வாய்ப்பே 6% தான் என்றால், வெறும் ரவுண்டிங்கில் அந்த மதிப்பீடு தன் அளவில் 8% வரை ஆடிவிடும். விலைகள் 1.20-க்கு மேலே இருக்கும் ஆட்டங்களில்தான் இந்தச் சூத்திரத்துக்கு மதிப்பு.

ட்ரா நோ பெட் விலை வேறு விதமாக நடந்துகொள்ளும். ஓர் அணிக்குக் கற்பனையாகக் கோல் கூட்டியோ கழித்தோ தீர்க்கும் ஏஷியன் ஹேண்டிகேப்பில் 0 என்ற கோடும் ட்ரா நோ பெட்டும் ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு ஒரே பந்தயம். இரண்டிலும் ட்ரா ஆனால் பணம் வாபஸ். ஏஷியன் சந்தையில் போட்டி கடுமை என்பதால் மார்ஜின் பொதுவாக மெலிது. அதனால் 0 கோட்டில் 1.52 நிற்க, அதே ஆட்டத்தின் ட்ரா நோ பெட் பெட்டியில் 1.47 நிற்பதையும் பார்க்கலாம். கட்டிய விலை 1.482-ஐ அளவுகோலாக வைத்துக்கொண்டால் 1.52 வாங்கத்தக்கது, 1.47 தள்ளத்தக்கது என்று உடனே சொல்லிவிடலாம்.

வெவ்வேறு நிறுவனங்களில் கிடைக்கும் உயர்ந்த விலைகளைச் சேர்த்துக் கட்டினால் இன்னும் கூடும். ஓரிடத்தில் 1-க்கு 2.15, வேறோரிடத்தில் X-க்கு 3.50 கிடைக்கிறது என்றால் ட்ரா நோ பெட் 2.15 × (1 − 1/3.50) = 1.536. 1X விலை 1.332. ட்ரா நோ பெட்டுக்குப் பிரிப்பது 100-க்கு 28.57 ட்ரா மேல், 71.43 அணி மேல். ஆனால் இரண்டு பந்தயங்களையும் ஒரே நொடியில் கட்ட முடியாது. முதலாவதைக் கட்டிவிட்டு இரண்டாவதற்குப் போகும்போது 3.50 என்பது 3.30 ஆகியிருக்கலாம், அல்லது அந்த நிறுவனம் உங்களுக்கு 10 பவுண்டுக்கு மேல் அனுமதிக்காமல் போகலாம். அப்போது கையில் இருப்பது ட்ரா நோ பெட் அல்ல, 71 பவுண்டு வெறும் 1. எளிதில் நகரக்கூடிய விலையையும் குறைந்த வரம்பு உள்ள இடத்தையும் முதலில் முடிப்பது இதனால்தான். விலை நகர்ந்துவிட்டால் அணி மேல் வைத்த தொகையைப் புதிய விலையில் (D − 1)-ஆல் வகுத்து, ட்ரா மேல் வைக்க வேண்டியதை மறுபடி கணக்கிட வேண்டும்.

பல ஆட்டங்களைக் கோத்துக் கட்டும் அக்குமுலேட்டரில் இந்தக் கைவேலை எடுபடாது. அங்கே திரையில் உள்ள ட்ரா நோ பெட்டைத்தான் எடுக்க வேண்டும். ட்ரா ஆன ஆட்டத்தின் விலை 1.00 ஆகக் கணக்கிடப்பட்டு மற்றவை தொடரும்.

எக்ஸ்சேஞ்சில் கட்டும்போது

பெட்ஃபேர் போன்ற எக்ஸ்சேஞ்சுகளில் ஒரு முடிவு நடக்காது என்றும் கட்டலாம். இதற்கு லே என்று பெயர். வெளியூர் அணியை லே செய்தால், அது ஜெயிக்காத எல்லா முடிவுகளும் நமக்கு வெற்றி. அதாவது லே செய்வதே 1X டபுள் சான்ஸ். லே விலை 3.70 என்றால், எதிர்ப்பக்கத்தவரின் ஒவ்வொரு பவுண்டுக்கும் நாம் 2.70 இழக்கத் தயாராக இருக்க வேண்டும். ஜெயித்தால் அந்த ஒரு பவுண்டு நமக்கு. 100 பவுண்டு வரை இழக்கத் தயார் என்றால் லே தொகை 37.04. கமிஷன் 5% என்று வைத்தால் லாபம் 35.19. விலையாகச் சொன்னால் 1.352. அதே பந்தயத்துக்கு புக்மேக்கரின் பெட்டி 1.28 தந்தது, கையால் கட்டியது 1.298 தந்தது. கமிஷன் போன பிறகும் எக்ஸ்சேஞ்ச் முன்னே நிற்கிறது.

```
1X (லே வழியாக) = 1 + (1 − c) / (L − 1)
```

இதில் L லே விலை, c கமிஷன். லே விலையை அப்படியே புக்மேக்கர் விலை போல எண்ணி 1/(1 − 1/L) என்று போட்டால் கமிஷன் இல்லாத விலை வரும். இங்கே அது 1.370.

ட்ரா நோ பெட்டை எக்ஸ்சேஞ்சில் கட்டும்போது கமிஷன் எந்த இடத்தில் விழுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். 1-ம் X-ம் ஒரே சந்தையில் இருந்தால் கமிஷன் நிகர லாபத்தின் மேல்தான். ட்ரா ஆனால் ட்ரா பந்தயத்தின் லாபம் 70.59, அணிப் பந்தயத்தின் நஷ்டம் 70.59, நிகரம் பூஜ்யம், கமிஷனும் பூஜ்யம். அணி ஜெயித்தால் 48.24-ல் 5% போய் 45.83. விலை 1.458. ஆனால் அணியைப் புக்மேக்கரிடமும் ட்ராவை எக்ஸ்சேஞ்சிலும் கட்டினால் கதை வேறு. ட்ரா வந்தால் 70.59 லாபத்தின் மேல் 3.53 கமிஷன் கழிந்துவிடும், கைக்கு வருவது 96.47 தான். இதைச் சரிசெய்ய ட்ரா விலையை முதலிலேயே கமிஷன் கழித்து எழுதிக்கொள்ள வேண்டும்: 1 + 2.40 × 0.95 = 3.28. ட்ரா மேல் 100 ÷ 3.28 = 30.49, அணி மேல் 69.51. கிடைக்கும் ட்ரா நோ பெட் விலை 1.460.

ட்ரா நோ பெட்டிலிருந்து 1X2-க்குத் திரும்ப முடியுமா?

தனியாக முடியாது. 1X2-ல் மார்ஜின் நீங்கியபின் இரண்டு சுதந்திர எண்கள் இருக்கின்றன, மூன்றாவது தானாக வந்துவிடும். ட்ரா நோ பெட்டில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. அது "ட்ரா ஆகாவிட்டால் யார்" என்பதை மட்டும் சொல்லும். ட்ரா எவ்வளவு வாய்ப்பு என்ற செய்தி அங்கே அழிந்துவிட்டது.

எடுத்துக்காட்டாக ட்ரா நோ பெட் 1.50, 2.60 என்று இருக்கிறது. வாய்ப்புகள் 66.67 + 38.46 = 105.13%. மார்ஜின் நீக்கினால் சொந்த அணிக்கு 63.4%. இப்போது ட்ராவின் வாய்ப்பு 24% என்று எடுத்தால் அணியின் வெற்றி 0.76 × 63.4 = 48.2%, நியாயமான விலை 2.07. ட்ரா 31% என்று எடுத்தால் 43.8%, விலை 2.29. ஒரே ட்ரா நோ பெட் விலைக்குள் இவ்வளவு அகலம் அடங்கியிருக்கிறது. கோல் குறைவாக விழும் என்று எதிர்பார்க்கப்படும் ஆட்டத்தில் ட்ரா வாய்ப்பு கூடும் என்பதால் மொத்த கோல் சந்தையைப் பார்த்து ஓரளவு ஊகிக்கலாம். கூடவே ஒரு டபுள் சான்ஸ் விலை இருந்தால் ஊகம் வேண்டாம். X2-ன் மார்ஜின் நீங்கிய வாய்ப்பை 100-லிருந்து கழித்தால் 1-ன் வாய்ப்பு. அதை 0.634-ஆல் வகுத்தால் இரு அணிகளின் கூட்டு வாய்ப்பு. மிச்சம் ட்ரா. நம் பழைய எண்ணான 45.43%-ஐப் போட்டுப் பாருங்கள்: 45.43 ÷ 0.634 = 71.7, எனவே ட்ரா 28.3%. தாளில் எழுதி வைத்த 28.06-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது.

கணக்கு சரி, தீர்ப்பு தவறும் இடங்கள்

மேலே உள்ள சமன்பாடுகள் எல்லாம் ஒரே முடிவு எல்லாப் பந்தயங்களிலும் ஒரே மாதிரி தீர்க்கப்படும் என்று நம்பி எழுதப்பட்டவை. அந்த நம்பிக்கை உடையும் இடங்கள் உண்டு.

ஆட்டம் நடக்கும்போது கட்டினால் ஏஷியன் 0 கோடும் ட்ரா நோ பெட்டும் ஒன்றல்ல. 1-0 என்று சொந்த அணி முன்னிலையில் இருக்கும்போது ட்ரா நோ பெட் எடுத்தால் முழு ஆட்டத்தின் முடிவுதான் கணக்கு. 2-1 ஆனால் வெற்றி, 1-1 ஆனால் வாபஸ். கால்பந்தில் ஏஷியன் ஹேண்டிகேப் வழக்கப்படி, கட்டிய நேரத்து ஸ்கோரை 0-0 ஆக எடுத்துக்கொண்டு அதற்குப் பிந்தைய கோல்களை மட்டும் எண்ணுவார்கள். 1-0-ல் கட்டியபின் 2-1 ஆனால் அங்கே 1-1, பணம் வாபஸ். 1-1 ஆனால் 0-1, தோல்வி. முன்னிலையில் உள்ள அணிக்கு ஏஷியன் விலை கவர்ச்சியாகத் தெரிவது இதனால்தான், அது வேறொரு கேள்விக்கான விலை. 1X2-லிருந்து கட்டிய விலையோடு ஒப்பிட வேண்டியது ட்ரா நோ பெட்டை மட்டுமே.

கைவிடப்பட்ட ஆட்டத்திலும் பிரச்சினை வரும். ஒரு நிறுவனம் மறுநாள் ஆடி முடித்தால் போதும் என்று பந்தயத்தை நிறுத்திவைக்கலாம், இன்னொன்று உடனே ரத்து செய்யலாம். இரண்டு இடங்களில் பிரித்துக் கட்டியவருக்கு ஒரு பந்தயம் மட்டும் மிஞ்சும்.

டெஸ்ட் கிரிக்கெட்டிலும் மும்முனை விலை உண்டு, அங்கே ட்ராவும் டையும் வேறு வேறு. டெஸ்ட் வரலாற்றில் டை இரண்டே முறை: 1960-ல் பிரிஸ்பேன், 1986 செப்டம்பரில் சென்னை சேப்பாக்கம். பல நிறுவனங்களின் விதிப்படி டை ஆனால் ட்ரா மேல் கட்டியவர் தோற்பார். இரு அணிகள் மேல் கட்டியவர்களுக்கும் டெட்-ஹீட் விதி, அதாவது கட்டியதில் பாதிக்கு முழு விலை, மறுபாதி இழப்பு. நம் 2.10, 3.40 விலைகளில் கையால் கட்டிய ட்ரா நோ பெட்டை இங்கே வைத்துப் பாருங்கள். ட்ரா மேல் வைத்த 29.41 போச்சு. அணி மேல் வைத்த 70.59-ல் பாதியான 35.295-க்கு 2.10 வீதம் 74.12 வருகிறது. பணம் வாபஸ் ஆகும் என்று நினைத்துக் கட்டிய 100-ல் 25.88 குறைகிறது. திரையில் இருந்த ட்ரா நோ பெட்டை எடுத்தவருக்கோ, அந்த நிறுவனத்தின் விதியில் டையும் வாபஸ் என்று எழுதியிருந்தால் 100-ம் திரும்பிவிடும்.